இலையில் மஞ்சள் திட்டு: அழகா, வைரஸா? 'வெரைட்டியே அப்படித்தாங்க' என்று சொன்னால் நம்பலாமா?

நர்சரியில் ஒரு செடி. பச்சை இலையில் மஞ்சளைத் தெளித்துவிட்ட மாதிரி இருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனாலும் ஒரு சின்ன சந்தேகம்.

"ஏனுங்கண்ணா, இந்த இலை இப்படித்தான் இருக்குமுங்களா?"

"வெரைட்டியே அப்படித்தாங்கம்மா. பச்சைய விட இதுக்குத்தான் ரேட்டு ஜாஸ்தி."

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் செடி வாங்கிய யாருக்கும் இந்தப் பேச்சு புதுசு இல்லை. கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் உண்மையும்கூட. மணி பிளான்ட், குரோட்டன்ஸ், ஸ்நேக் பிளான்ட், அக்லோனிமா என்று வீட்டுக்குள் வைக்கும் செடிகளில் பாதிக்கு மேல் இலை நிறத்துக்காகவே விற்கப்படுபவை.

ஆனால் சில நேரம் அந்த மஞ்சள், செடியின் சொந்த நிறமாக இருக்காது. உள்ளே ஒரு வைரஸ் இருக்கும். விவசாயிகள் இதைத்தான் 'தேமல் நோய்' என்கிறார்கள். தோலில் வரும் தேமல் மாதிரியே இலையிலும் வெளிர் திட்டுகள் வருவதால் அந்தப் பெயர்.

தெரியாமல் வாங்கினால் செடிக்குக் கொடுத்த காசு மட்டும் போகாது. செடிக்குள் புகுந்த வைரஸை எந்த மருந்தடித்தும் வெளியேற்ற முடியாது. வெள்ளரி தேமல் வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் வெள்ளரி. அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் வரக்கூடியது. அழகுச்செடியில் வந்தால், மாடியில் அதே வரிசையில் நிற்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் அசுவினிப் பூச்சி அதைக் கொண்டுபோய் சேர்த்துவிடும்.

அப்படியென்றால் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கொங்குப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செடியிலிருந்தே தொடங்கலாம்.

குச்சிக்கிழங்கு காட்டும் இரண்டு இலைகள்

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. இதில் அழகுக்காகவே வளர்க்கும் ஒரு ரகம் உண்டு. நர்சரிகளில் 'வேரிகேட்டட் டேபியோகா' என்ற பெயரில் கிடைக்கும். விரல் விரலாகப் பிரிந்த இலை. ஒவ்வொரு விரலின் நடுவிலும் வெளிர் மஞ்சள், சுற்றி பச்சை ஓரம், சிவப்பு நிறக் காம்பு. தொட்டியில் வைத்தால் பூவே தேவையில்லை.

இதே குச்சிக்கிழங்குதான் சேலம், நாமக்கல், ஈரோடு வயல்களிலும் நிற்கிறது. அங்கே விவசாயிகளைப் படுத்தும் நோய்களில் முக்கியமானது மரவள்ளி தேமல் நோய். அதிலும் இலை பச்சையும் மஞ்சளுமாகத்தான் இருக்கும். ஒரே இனத்துச் செடி, அதே இரண்டு நிறம். ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறோம், இன்னொன்றைப் பிடுங்கி எறியச் சொல்கிறார்கள்.

இரண்டு இலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழகு ரகத்தில் மஞ்சள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கேதான் இருக்கும். நடு நரம்பை ஒட்டித் தொடங்கி, விரலின் வடிவத்தையே பின்பற்றிப் போய், ஓரத்துக்கு முன்னால் நின்றுவிடும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் கோடு போட்ட மாதிரி எல்லை தெரியும். ஒரு செடியில் பத்து இலை இருந்தால் பத்திலும் கிட்டத்தட்ட இதே டிசைன். இலை விரிந்து, தட்டையாக, முழு அளவில் இருக்கும்.

தேமல் வந்த இலையில் அப்படி ஓர் ஒழுங்கு இருக்காது. ஒரு விரலில் மஞ்சள் அதிகம், பக்கத்து விரலில் கொஞ்சம். வெளிர் பச்சை, மஞ்சள், கரும்பச்சை மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நிற்கும். எங்கே எது முடிகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. முக்கியமாக, இலை கோணிப் போயிருக்கும். மஞ்சளான பகுதி சரியாக வளராது, பச்சைப் பகுதி வளர்ந்துகொண்டே போகும். ஒரு பக்கம் இழுக்க, ஒரு பக்கம் நிற்க, விரல் முறுக்கிக்கொள்ளும். இலையும் சின்னதாகிவிடும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைத் துணியை வைத்தே சொல்லிவிடலாம். நிட்டிங் மெஷினில் ஒரு ஃபீடரில் மட்டும் கலர் நூல் போட்டால், துணி முழுக்க அதே இடைவெளியில் கோடு விழும். அது பின்னலிலேயே இருக்கும் நிறம். அதே துணியில் மெஷின் ஆயில் பட்டால்? இஷ்டத்துக்குப் பரவும், ஓரம் மங்கலாக இருக்கும், ஒரு மீட்டரில் இருப்பது அடுத்த மீட்டரில் இருக்காது. செக்கிங் டேபிளில் நிற்பவர்கள் ஒரு நொடியில் பிரித்துவிடுவார்கள்.

இலையிலும் அதே கண்தான் வேண்டும்.

அழகு எங்கிருந்து வருகிறது?

செடியின் வளரும் நுனியில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். தோராயமாக மூன்று அடுக்கு. இலை உருவாகும்போது ஒவ்வொரு அடுக்கும் இலையின் ஒரு குறிப்பிட்ட பகுதியைக் கட்டித் தருகிறது. அதில் ஓர் அடுக்கு மட்டும், மரபணு மாற்றத்தால், பச்சையம் தயாரிக்கும் திறனை இழந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடுக்கு கட்டும் பகுதி எல்லா இலையிலும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வரும். இதற்கு 'கைமீரா' என்று பெயர். ஒரே செடிக்குள் இரண்டு வகைச் செல்கள் குடியிருக்கின்றன என்று அர்த்தம்.

ஓரத்தில் மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்ட் இதற்கு நல்ல உதாரணம். இதை வளர்ப்பவர்களில் பலர் ஒரு முறையாவது ஏமாந்திருப்பார்கள். இலையைத் துண்டாக வெட்டி மண்ணில் நட்டால் வேர் விட்டு, பக்கத்தில் புதுச் செடி முளைக்கும். ஆனால் அந்தப் புதுச் செடியில் மஞ்சள் கரை இருக்காது. முழுப் பச்சையாக வரும்.

"மண்ணு சரியில்ல", "உரம் பத்தல" என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். மண்ணிலும் உரத்திலும் ஒரு குறையும் இல்லை. புது முளை வெட்டிய இலையின் உள் அடுக்குச் செல்களிலிருந்து புதிதாகக் கிளம்புகிறது. அடுக்குகளின் பழைய கூட்டணி அங்கே இல்லை. கரை வேண்டுமென்றால் தாய்ச்செடியின் பக்கத்தில் கிழங்கோடு வரும் குட்டியைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

எல்லா அழகு இலையும் கைமீரா இல்லை. கலேடியம், கோலியஸ், அக்லோனிமா போன்றவற்றில் எந்த இடத்தில் என்ன நிறம் என்பதே செடியின் மரபணுவில் எழுதியிருக்கிறது. எந்தச் செல்லை எடுத்தாலும் அதே கட்டளைதான் இருக்கும்.

இதில் கொஞ்சம் குழப்புவது நம் மணி பிளான்ட். அதன் மஞ்சள் கீறல்கள் இலைக்கு இலை மாறும். ஒன்றில் பாதி மஞ்சள், அடுத்ததில் நாலு புள்ளி. ஒழுங்கு இல்லாததால் வைரஸ் என்று பயந்துவிடக் கூடாது. இலை தட்டையாக, பளபளப்பாக, முழு அளவில் இருக்கிறதா, மஞ்சளின் ஓரம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டு மூலையில் வைத்தால் புது இலையில் மஞ்சள் குறையும், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் கூடும். அது அந்தச் செடியின் சுபாவம்.

வைரஸ் ஏன் வேறு மாதிரி வரைகிறது?

வைரஸ் வெளியிலிருந்து வருவது. வெள்ளை ஈயோ அசுவினியோ இலைச் சாற்றை உறிஞ்சும்போது உள்ளே போகிறது. அல்லது நோயுள்ள செடியை வெட்டிய கத்தியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. உள்ளே போனபின் செல்லிலிருந்து செல்லுக்கும், சாறு ஓடும் நரம்பு வழியாகத் தூரத்துக்கும் பரவுகிறது. அதனால் அது வரையும் படமும் அதன் பயணப் பாதையைத்தான் காட்டும்.

வெண்டையில் வரும் மஞ்சள் நரம்பு தேமலைப் பார்த்திருப்பீர்கள். இலையின் நரம்புகள் மட்டும் வலை பின்னிய மாதிரி மஞ்சளாகி, நடுவில் பச்சை நிற்கும். இன்னும் சில வைரஸ்களில் வட்ட வளையம் வரும், அல்லது இலை நெடுக வளைந்து நெளிந்த கோடு வரும். இலையின் அமைப்போடு சம்பந்தமே இல்லாமல், தண்ணீரில் கல் விழுந்த மாதிரி ஒரு வளையம் தெரிந்தால், அதை 'வெரைட்டி' என்று சொல்பவரிடம் கொஞ்சம் யோசியுங்கள்.

இலை கோணலாக இருப்பது மட்டுமே ஆதாரம் ஆகாது. குரோட்டன்ஸில் திருகாணி மாதிரி முறுக்கிய இலையுள்ள ரகங்கள் உண்டு. செம்பருத்தியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, ஒடுங்கிய இலையுள்ள 'கூப்பரி' என்ற ரகம் உண்டு. இரண்டுமே இயல்பானவை. அந்த ரகத்தின் மற்றொரு செடியோடு ஒப்பிட்டால்தான் எது இயல்பு என்று தெரியும்.

வைரஸையே 'வெரைட்டி' என்று விற்ற கதை

கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளலாம். உலகின் பெரிய நர்சரி ஒன்றே இதில் சறுக்கியிருக்கிறது.

1868-ம் ஆண்டு. இங்கிலாந்தின் புகழ்பெற்ற வீச் நர்சரிக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அபுட்டிலான் செடிகள் வந்தன. நம் ஊர் சாலையோரத்தில் நிற்கும் துத்திக்கு நெருங்கிய சொந்தம் இது. பச்சைச் செடிகளுக்கு நடுவில் ஒன்றில் மட்டும் இலை முழுக்க மஞ்சள் கட்டங்கள். அழகாக இருக்கிறதே என்று அதைப் பெருக்கி, தாம்சன் என்ற பெயரோடு புது ரகமாக விற்றார்கள். ஐரோப்பா முழுக்க வாங்கி வைத்தார்கள்.

சீக்கிரமே ஒரு விசித்திரம் தெரிந்தது. மஞ்சள் செடியின் தண்டை ஒரு பச்சை அபுட்டிலானில் ஒட்டுக்கட்டினால், கொஞ்ச நாளில் அந்தப் பச்சைச் செடியின் புது இலைகளும் மஞ்சள் கட்டத்தோடு வந்தன. ஒட்டுக்கட்டினால் நிறம் தொற்றுமா? சொந்த நிறம் என்றால் தொற்றாதே.

இந்தப் புதிரை 1900-களின் தொடக்கத்தில் தெளிவாக ஆராய்ந்தவர் ஜெர்மன் தாவரவியலாளர் எர்வின் பௌர். இது தொற்றும் பொருளால் வரும் நிறமாற்றம் என்று அவர் காட்டினார். வெள்ளை ஓரம் கொண்ட ஜெரேனியம் செடிகளை ஆராய்ந்து, அங்கே நிறம் வருவது செல் அடுக்குகளால்தான் என்று 1909-ல் விளக்கியவரும் இவரே. இந்தக் கட்டுரையில் நாம் பேசும் இரண்டு வகையையும் பிரித்துக் காட்டியது ஒரே மனிதர்.

அபுட்டிலானில் இருந்தது வெள்ளை ஈ பரப்பும் ஒரு வைரஸ் என்பது பிற்பாடு உறுதியானது. இன்றும் அந்தச் செடி விற்பனையில் இருக்கிறது! பல தலைமுறையாகக் குச்சி வெட்டியே பெருக்கியதில், அழகுச்செடியில் உள்ள அந்த வைரஸ் வெள்ளை ஈ மூலம் பரவும் திறனை இழந்துவிட்டது. பூச்சி தேவைப்படவே இல்லை, மனிதர்களே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஆனால் இந்த விதிவிலக்கை நம் மாடிக்கு நீட்டக் கூடாது. துத்தி, செம்பருத்தி, வெண்டை, பருத்தி எல்லாம் ஒரே குடும்பம். இந்தப் பகுதியில் பயிர்களில் சுற்றும் வைரஸ்களை வெள்ளை ஈ இன்னமும் நன்றாகவே பரப்பிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு வார்த்தை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் முதலில் தென்பட்டு, உடுமலை வரை எல்லோரையும் அலற வைத்த சுருள் வெள்ளை ஈ வேறு. அது இலைக்கடியில் வெள்ளையாகச் சுருள் சுருளாக முட்டையிடும், கீழ் இலைகளில் கரி படிய வைக்கும். தேமல் வைரஸைப் பரப்புவது வேறு இனம். அரிசியில் பாதிகூட இல்லாத சிறு வெள்ளைப் பூச்சி, செடியை ஆட்டினால் பறந்து மறுபடி வந்து உட்காரும்.

அக்லோனிமாவில் ஒளிந்து விளையாடும் வைரஸ்

வீட்டுக்குள் வைக்கும் செடிகளில் அதிகம் ஏமாற்றுவது சேம்பு குடும்பம். அக்லோனிமா, டைபன்பேக்கியா, கலேடியம், பிலோடெண்ட்ரான் எல்லாம் இதில் சேரும். இவற்றுக்கென்றே ஒரு தேமல் வைரஸ் இருக்கிறது. 1970-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஆய்வாளர்கள் இதை விவரித்தார்கள். இன்று சேம்பு வளரும் நாடுகளில் எல்லாம் இருக்கிறது. நம் சேப்பங்கிழங்கிலும் வரும்.

இது நரம்பை ஒட்டி, இறகு விரித்த மாதிரி வெளிர் கோடுகளைப் போடும். ஏற்கெனவே டிசைன் உள்ள இலை என்பதால் கண்ணுக்குப் பட்டென்று தெரியாது. அதைவிட மோசம், விட்டு விட்டுத்தான் தெரியும். ஒரு இலையில் இறகுக் கோடு வரும், அடுத்த மூன்று இலை சுத்தமாக வரும். "சரியாயிடுச்சு" என்று நினைப்போம். சரியாகவில்லை, வைரஸ் உள்ளேயேதான் இருக்கிறது. பிறகு இன்னொரு இலையில் தலைகாட்டும்.

இதைப் பரப்புவது அசுவினி. ஆனால் நர்சரியில் பெரும்பாலும் பரவுவது வேறு வழியில். ஒரு தாய்ச்செடியைத் துண்டு போட்டு நூறு செடி ஆக்குகிறார்கள். தாயில் வைரஸ் இருந்தால் நூறிலும் இருக்கும். வளரும் நுனியின் மிகச் சிறு பகுதியை மட்டும் எடுத்துத் திசு வளர்ப்பில் பெருக்கி, பரிசோதித்து எடுத்தால் வைரஸ் இல்லாத செடி கிடைக்கும். அதனால்தான் பரிசோதனை செய்த திசு வளர்ப்புச் செடிக்கு மரியாதை. வெறும் 'டிஷ்யூ கல்ச்சர்' என்ற வார்த்தை மட்டும் போதாது, தாய்ச்செடியை டெஸ்ட் பண்ணினார்களா என்பதுதான் கேட்க வேண்டியது.

மூன்றாவதாக ஒரு ஆள்: போர் தண்ணீர்

வைரஸும் இல்லை, வெரைட்டியும் இல்லை. ஆனால் இலை மஞ்சள். திருப்பூர்ப் பகுதியில் இதற்கான வாய்ப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பல வீடுகளில் செடிக்கு ஊற்றுவது உப்பான, கடினமான போர் தண்ணீர். தொடர்ந்து ஊற்றும்போது தொட்டி மண்ணின் காரத்தன்மை ஏறுகிறது. அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. அதனால் கொழுந்து இலை மஞ்சளாக வரும். செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லி, ரோஜாவில் இது சாதாரணம்.

வைரஸிலிருந்து பிரிப்பது சுலபம். வெண்டை தேமலில் நரம்பு மஞ்சள், நடுவில் பச்சை என்று பார்த்தோம். இரும்புச்சத்துக் குறைபாட்டில் அது அப்படியே தலைகீழ்: நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். இலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். திட்டு, வளையம், முறுக்கல் எதுவும் இருக்காது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பு, அதாவது ஃபெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளியுங்கள். இரண்டு வாரத்தில் மறுபடி ஒரு முறை. இலைகள் பச்சைக்குத் திரும்பினால் பிரச்சினை தண்ணீர்தான். வைரஸ் வந்த இலை இதற்கெல்லாம் அசையாது.

ஒரு செம்பருத்தியை வைத்துப் பார்ப்போம்

பல்லடம் ரோட்டில் ஒரு லைன் வீடு. வாசலில் பெயின்ட் டப்பாவில் செம்பருத்தி, பக்கத்தில் இரண்டு வெண்டைச் செடி. போன மாதம் வரை பச்சையாக இருந்த செம்பருத்தியில் இப்போது மஞ்சள் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது?

முதல் கேள்வி, இது எப்போது வந்தது? வாங்கும்போதே இருந்த டிசைன் என்றால் பயம் குறைவு. பச்சையாக இருந்த செடியில் திடீரென்று வந்தது என்றால் சந்தேகம் கூடும். எப்போதாவது ஒரு கிளையில் மட்டும் இயற்கையாகவே நிறம் மாறுவதும் உண்டு. அப்படி மாறினால் அந்தக் கிளையோடு நிற்கும், மற்ற கிளைகளுக்குத் தாவாது.

அடுத்து, கொழுந்திலிருந்து கீழே மூன்று இலையைப் பாருங்கள். பழைய இலை வயதாகியே மஞ்சளாகும், அதை விட்டுவிடலாம். செல்போன் டார்ச்சை இலைக்கு அடியில் பிடித்தால் நரம்பும் திட்டும் தெளிவாகத் தெரியும். நரம்பு பச்சையா, மஞ்சளா? திட்டின் ஓரம் தெளிவா, கரைந்ததா? அப்படியே இலையின் அடிப்பக்கம் வெள்ளை ஈ, அசுவினி இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

நரம்பு மஞ்சளாக இருக்கிறது, இலை சின்னதாகி மடங்குகிறது, அடியில் வெள்ளை ஈ இருக்கிறது என்றால், டப்பாவை அன்றைக்கே வெண்டையிடமிருந்து தள்ளி வையுங்கள். ஒரே போட்டோ போதாது. அதே இலையையும், புதிதாக வரும் இலைகளையும் வாரம் ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் படம் தெளிவாகிவிடும். சொந்த டிசைன் என்றால் விரிந்த இலையில் அப்படியே நிற்கும். வைரஸ் என்றால் புது இலைகள் மோசமாகும், பக்கத்து வெண்டையிலும் மஞ்சள் நரம்பு தெரியத் தொடங்கலாம்.

கண்ணால் பார்த்து நூறு சதவீதம் உறுதி சொல்ல முடியாது. அக்லோனிமா மாதிரி ஒளிந்து விளையாடும் கேஸில் சுத்தமாக முடியாது. எலைசா, பிசிஆர் போன்ற ஆய்வகப் பரிசோதனைதான் இறுதி பதில். ஒரு செம்பருத்திக்கு யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய செடியோ, விற்பனைக்கு வைத்திருக்கும் தாய்ச்செடியோ என்றால், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையில் மாதிரியைக் காட்டி விசாரிப்பது வீண் போகாது.

பூச்சியைக் கட்டுப்படுத்தினால் வைரஸ் போகாது, பரவுவது குறையும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து இலைக்கு அடியில் படும்படி தெளிக்கலாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் வெள்ளை ஈ அதில் வந்து ஒட்டும். எத்தனை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். கத்தரிக்கோலை ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் முக்கி எடுங்கள். சந்தேகச் செடியைக் கடைசியாக வெட்டுங்கள். அதிலிருந்து குச்சி எடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்காதீர்கள்.

எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தால் ஒரு விஷயம் கவனம். செடியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டால், இலை வாடியதும் அதிலிருக்கும் வெள்ளை ஈ எல்லாம் கிளம்பி அடுத்த பச்சைச் செடியைத் தேடும். அதனால் பூச்சி மந்தமாக இருக்கும் விடியற்காலையில், முதலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கவரைச் செடி மேல் கவிழ்த்து, அடியில் கட்டிவிட்டு, அப்புறம் வெட்டுங்கள். கவரோடு குப்பைக்குப் போகட்டும். அந்த டப்பா மண்ணில் மறுபடி செடி வைக்கலாம், வெள்ளை ஈ பரப்பும் தேமல் வைரஸ்கள் மண்ணில் தங்குவதில்லை. அறுந்த வேர்த் துண்டிலிருந்து பழைய செடி துளிர்த்தால் மட்டும் பிடுங்கிவிடுங்கள்.